பெயரில்லாத பெட்டியின் போஸ்ட்மோர்ட்டம்

போஸ்ட்மோர்ட்டம் ரிப்போர்ட் எழுத வேண்டும், வர நேரமாகும் என்று கலஹாவில் இருக்கும் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னதும் அம்மா பதறிப்போய், “ஐயோ, யாரு செத்தது?” என்று கேட்டார். “கம்ப்யூட்டரும்மா” என்றேன். “அதுக்கெல்லாமா அறுத்துப் பாக்குறாங்க?” என்று போனை வைத்துவிட்டார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கண்டியில் டொக்டர்மாரைச் சனல் பண்ணித் தரும் கந்தோர் ஒன்றில் எனக்கு வேலை. ஆட்கள் போன் பண்ணுவார்கள். எங்கள் பெண்கள் டொக்டரின் பெயரையும் நேரத்தையும் பார்த்து நம்பர் கொடுப்பார்கள். எல்லா நம்பரும் ஒரே ஒரு சேர்வரில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பப் பகுதியில் மொத்தம் ஒரு ஆள். தலைவரும் நானே, சிப்பந்தியும் நானே.

செத்தது அந்தச் சேர்வர்தான். ஒரு திங்கட்கிழமை காலை விழுந்தது, பின்னேரம் மூன்று மணிக்குத்தான் எழும்பியது. முதல் நாள் இரவு எடுத்த பெக்கப்பில் இருந்துதான் அதை மீட்க முடிந்தது. அன்று காலை கொடுத்த நம்பர்கள் எல்லாம் போய்விட்டன. பிறகு அதே நம்பர்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்தோம். இருதய டொக்டரின் வாசலில் ஏழாம் நம்பருடன் இரண்டு பேர் நின்று, இருதயத்துக்குக் கூடாத அளவுக்குச் சண்டை பிடித்தார்கள்.

கொழும்புத் தலைமைக் கந்தோர் ஒரு படிவம் அனுப்பியது. நேர வரிசையில் என்ன நடந்தது, மூல காரணம் என்ன, இனி நடக்காமல் என்ன செய்யப் போகிறோம் என்று மூன்று பகுதி. என்ன நடந்தது என்பது கண்டி முழுக்கத் தெரிந்த கதை. காலை ஒன்பது நாற்பதுக்குக் கரண்ட் போனது. ஒன்பது நாற்பத்திரண்டுக்கு, மாடிப்படியின் கீழே காட்போட் பெட்டி ஒன்று ‘பீப், பீப்’ என்று கத்துவதை எங்கள் செக்கியூரிட்டிக்காரர் கேட்டார். அப்படி ஒரு பெட்டி அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. கந்தோரில் வேறு யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடத்தில் எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, பொலிசுக்குப் போன் பண்ணினார். பெண்கள் பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

அது சேர்வருக்குப் புதிதாக வாங்கிய யூ.பி.எஸ். கரண்ட் போனால் பற்றரியில் அரை மணி நேரம் தாங்கும், கத்தி ஆளைக் கூப்பிடும். யாராவது போய் ஜெனரேட்டரைப் போட்டால் தப்பலாம். அன்றைக்கு யார் போவது? எல்லாரும் ரோட்டில். பத்து பத்துக்குப் பற்றரி முடிந்து, சேர்வர் ஓடிக்கொண்டிருந்தபடியே தடால் என்று நின்றது, டேட்டாபேஸ் குழம்பிப்போனது. பதினொன்றுக்குப் பொலிஸ் நாய் வந்து பெட்டியை முகர்ந்து பார்த்து, ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் போனதாம்.

நான் எங்கே இருந்தேன்? பேராதனைப் பக்கம் செக்பொயின்றில். கலஹா பஸ்ஸில் இருந்து இறக்கி, என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்குத்தான் கந்தோருக்கு வந்து சேர்ந்தேன்.

மூல காரணம் பிடிக்க ஒரு முறை உண்டு. ‘ஏன்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். சேர்வர் ஏன் விழுந்தது? பற்றரி முடிந்தது. ஜெனரேட்டரை ஏன் போடவில்லை? ஆட்கள் உள்ளே இல்லை. இருந்திருந்தாலும் அதன் சாவி என் பையில். சேர்வர் ஏன் தானாக ஒழுங்காக நிற்கவில்லை? பற்றரி குறைகிறது என்று யூ.பி.எஸ் சேர்வருக்குச் சொல்லும் வயர் பூட்டவில்லை. ஏன்? பெட்டி சேர்வர் அறைக்குள் அடங்காமல், ஒரு சனிக்கிழமை நான் அதைப் படியின் கீழே வைத்து, கரண்ட் வயரைச் சுவரில் ஓட்டை போட்டு எடுத்தேன். இந்தச் சின்ன வயர் எட்டவில்லை. பிறகு பார்ப்போம் என்று விட்டேன். அது யூ.பி.எஸ் என்று ஏன் தெரியவில்லை? தூசி படக்கூடாது என்று ஒரு பழைய காட்போட் பெட்டியால் மூடினேன். ஒரு பெயர்கூட ஒட்டவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை. எந்த ‘ஏன்’ போனாலும் சுற்றிக்கொண்டு என் மேசைக்கே வந்து நின்றது. எரிச்சலாக இருந்தது.

மனேஜர் யாழ்ப்பாணத்தவர், எதையும் நாலு தரம் யோசிப்பவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “தம்பி, மூல காரணம் செக்கியூரிட்டியின்ர பிழை எண்டு எழுதும். கொழும்புக்குப் பழி போட ஒரு ஆள் வேணும். அவரை மாத்தினா விசயம் முடிஞ்சுது.”

“அவரு மேல என்ன சேர் பிழை? சந்தேகமான பெட்டியக் கண்டா எல்லாரையும் வெளியே அனுப்பணும்னு நோட்டீஸ்ல போட்டபடிதானே செஞ்சாரு.”

“ஓம், எனக்கு விளங்குது. ஆனா யோசியும். தமிழ்ப் பெடியன் ஒருத்தன் ஆருக்கும் சொல்லாமப் படிக்குக் கீழ பெட்டி வச்சவன் எண்டு நீரே எழுதிக் கையெழுத்தும் வைக்கப் போறீரோ? அந்தக் கடதாசி நாளைக்கு ஆற்ற கையில போகுமெண்டு உமக்குத் தெரியுமோ?”

உங்களிடம் பொய் சொல்வானேன், அவர் சொன்னபடி எழுதிவிடலாம் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். எங்கள் செக்கியூரிட்டிக்காரர் சிங்களவர், வயதானவர், மகன் வடக்கில் இராணுவத்தில். தினமும் காலையில் சிரித்துக்கொண்டே என் சாப்பாட்டுப் பார்சலைக்கூடத் திறந்து பார்ப்பார். அதற்காக அவர்மேல் எனக்கு ஒரு சின்னக் கடுப்பும் இருந்தது. வேலை போனால் வேறெங்காவது போய் நிற்பார் என்று என் மனம் சாக்குத் தேடியது.

நேர வரிசையைச் சரிபார்க்க அவரிடம் போனேன். வாசல் கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினொன்று ஐந்து: பெட்டி யாருடையது என்று பொலிஸ் கேட்டது.

“என்ன சொன்னீங்க?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

“அதுக்குள்ள பெட்டிய திறந்திட்டாங்க, கம்ப்யூட்டர் சாமான்னு பாத்தேன். ஒடனே, இது எனக்குத் தெரிஞ்ச பெட்டி, நானும் சேர்ந்துதான் தூக்கி வச்சேன், பயத்துல மறந்திட்டேன்னு சொன்னேன்.”

“சனிக்கிழமை நீங்க லீவுதானே!”

“லீவுதான். ஒங்க பேர சொன்னா கூட்டிட்டுப் போயிருவாங்க. என் பேர சொன்னா திட்டிட்டுப் போயிருவாங்க. நல்லாத்தான் திட்டினாங்க.” இதைச் சொல்லிவிட்டு, பதினொன்று இருபதை வாசிக்கத் தொடங்கினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

அன்று பின்னேரமே எழுதினேன். மூல காரணம்: யூ.பி.எஸ்ஸைத் தொழில்நுட்பப் பகுதி பெயர் ஒட்டாமல், யாருக்கும் அறிவிக்காமல் வைத்தது, வயர் பூட்டாதது, ஜெனரேட்டர் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தது. செக்கியூரிட்டி விதிப்படி சரியாக நடந்தார். இனிச் செய்ய வேண்டியவை: நீளமான வயர், சேர்வர் தானாக நிற்கும் ஏற்பாடு, இரண்டாவது சாவி செக்கியூரிட்டியிடம், புதுச் சாமான் எது வந்தாலும் வாசல் கொப்பியில் பதிவு, பெட்டியில் மூன்று மொழியிலும் லேபல். கையெழுத்து வைத்து மனேஜரிடம் நீட்டினேன். மனேஜர் வாசித்து, நெடுமூச்சு விட்டு, தானும் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு கிழமை பஸ்ஸில் யார் பின்னால் நின்றாலும் திரும்பிப் பார்த்தேன். பிறகு கொழும்பில் இருந்து பதில் வந்தது. ‘பரிந்துரைகள் ஏற்கப்பட்டன’ என்று மட்டும்.

லேபலை ஒட்டினேன். ‘பொறுப்பாளர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தால், செக்கியூரிட்டிக்காரர் பேனைக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். என் பெயருக்குக் கீழே சிங்களத்தில் தன் பெயரை மெதுவாக எழுதினார்.

“பொலிசுக்குச் சொன்னது பொய்யாப் போகக்கூடாதுல்ல” என்றார்.

அடுத்த நாள் காலை, அவர் கேட்க முன்னமே என் சாப்பாட்டுப் பார்சலை நானே அவிழ்த்து அவருக்கு முன்னால் வைத்தேன்.