பதினைந்து நிமிஷம் என்று எழுதியிருந்தது

எண்பதுகளின் நடுவில், பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆரணியில் எங்கள் வீட்டுத் தறியில் நைனாவோடு உட்கார்ந்திருந்த நாட்களில் அந்தக் கடிதம் வந்தது. பட்டு ஏற்றுமதி செய்யும் ஒரு சென்னைக் கம்பெனி, ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்பியிருந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு டிரங்க் கால் போடுவோம். விண்ணப்பத்தில் நீங்கள் தந்த எண்ணில் மணி அடிக்கும். பேச்சு சுமார் பதினைந்து நிமிஷம். பேசப்போவது பட்டுத் தர ஆய்வாளர் வேலையைப் பற்றி. அதில் தேறினால்தான் நேர்முகத் தேர்வு.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. நான் தந்திருந்தது நைனா நெய்துகொடுக்கும் பட்டு முதலாளியின் கடை எண். முன்பே கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் எழுதினேன். கடிதத்தைக் காட்டியதும் அவர் முகம் மாறியது.

"பதினஞ்சு நிமிசமா? நீ லைன புடிச்சிகினு நின்னா, என் பெங்களூர் பார்ட்டி எப்படி பேசுவான்?"

"நம்பர் குடுக்கட்டுமான்னு கேட்டப்ப சரின்னீங்களே, மொதலாளி."

"எதனா சேதி வந்தா சொல்லி அனுப்பலாம்னு நெனச்சேன்."

பக்கத்தில் நின்ற நைனா, போய்விடலாம் என்று கண்ணால் சொன்னார். நான் நகரவில்லை.

"வேற நம்பர் எழுதிப் போட நாளில்ல. நாளான்னிக்கு இந்த போன்தான் அடிக்கும். நான் வந்து நிப்பேன். வேணாம்னா அவங்ககிட்டயே சொல்லிடுங்க."

"பேஜார் புடிச்ச பொண்ண பெத்து வச்சிகீற" என்றார் அவர், நைனாவைப் பார்த்து. மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

வியாழக்கிழமை பத்தரைக்கே நைனாவோடு போய் போன் அருகில் நின்றேன். உட்காரச் சொல்ல ஆளில்லை. பதினொன்று இருபதுக்கு மணி அடித்தது. முதலாளி எடுத்து, எக்ஸ்சேஞ்சுக்காரர் சொன்ன பெயரைக் கேட்டு, ரிசீவரைப் பேசாமல் என்னிடம் நீட்டினார்.

என் பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. என் ஹலோவைக் கேட்டதும் மறுமுனையில் இருந்தவர், "அவரைக் கூப்பிடுங்க" என்றார்.

"நான்தான் பேசறேன், சார்."

"மன்னிக்கணும். அது ஊர் ஊராப் போய்த் தறியில சரக்கைப் பார்க்கிற வேலை. லேடீஸுக்குச் சரிப்படாது. ஆபீஸ்ல டைப்பிஸ்ட் இடம் ஒண்ணு காலியா இருக்கு. உங்க ஸ்பீடு என்ன?"

டைப்பிங்கில் நான் லோயர் பாஸ் செய்திருந்தேன். அதைச் சொன்னால் அந்த வேலை கிடைக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் கடிதத்தைத்தான் விரித்துப் பிடித்தேன்.

"உங்க கடிதம் கையில இருக்கு, சார். தர ஆய்வாளர் வேலையைப் பத்திப் பேசுவோம்னு எழுதியிருக்கீங்க. டைப்பிஸ்ட் வேலைக்கு நான் மனு போடல."

அந்த நேரம் பார்த்து எக்ஸ்சேஞ்சுக்காரர் குறுக்கிட்டார். "மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"

கம்பெனிக்காரர் வாய் திறக்கும் முன் நான் பேசினேன். "பதினைந்து நிமிஷம்னும் எழுதியிருக்கீங்க. மிச்சத்துல அந்த வேலைக்கான கேள்வியைக் கேளுங்க. எனக்குத் தெரியலைன்னா நீங்களே வச்சிடுங்க."

அவர் இருமினார். "எக்ஸ்டெண்ட் பண்ணுங்க" என்றார், எக்ஸ்சேஞ்சுக்காரரிடம்.

பட்டில் செயற்கை நூல் கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். நூலை உருவிக் கொளுத்துவேன். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், கருகியது விரலில் பொடியும். ரேயான் காகிதம் போல எரியும், நைலான் உருகி உருண்டுகொள்ளும் என்றேன். சரிகை? சுரண்டி உள்நூலைப் பார்ப்பேன். நல்ல சரிகைக்குள் சிவப்புப் பட்டு இருக்கும். அடுத்து வந்த கேள்விதான் கடினம். "பாவே மோசம்னு நெய்யறவர் சொன்னா என்ன செய்வீங்க?"

பாவு, தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல். அதை நைனாவுக்குத் தருகிற முதலாளி இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பாவைப் பிரிச்சுப் பார்ப்பேன், சார். அது மோசம்னா, குடுத்தவங்க தப்புன்னு எழுதுவேன். நெய்யறவர் கூலியில கை வைக்கக் கூடாதுன்னும் எழுதுவேன்."

கடையில் புடவை மடிக்கும் சத்தம் நின்றது. நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பலமுறை நீட்டித்த பிறகு கம்பெனிக்காரர் சொன்னார்: "நேர்ல வாங்க. எடுத்துப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

தெருவுக்கு வந்ததும் நைனா கேட்டார்: "டைப் அடிக்கற வேலைன்னா நெழல்ல ஒக்காந்துகினு இருக்கலாமேம்மா?"

"நான் கேட்டது அது இல்லியே, நைனா."

"மொதலாளி மூஞ்சிய பாத்தியா?"

"பாத்தேன்."

இரண்டு வாரம் முதலாளி எங்களுக்குப் பாவு தரவில்லை. நைனா அளவுக்குப் புடவையோடு கரையைக் கோத்து நெய்கிற ஆள் அவருக்கு வேறு கிடைக்கவில்லை, பிறகு தந்தார். நான் சென்னைக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், தனியாக பஸ்ஸில் போவாயா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். இங்கே எப்படி வந்தேன் என்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். ஆறு மாதம் சோதனை முறையில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆண்களுக்கு மூன்று மாதம்தான் சோதனை என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது. எனக்கும் அதே மூன்று மாதம் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன்.