பழைய தேதியில் ஒரு சம்மதம்

மகள் படிக்கும் ஆர்.எஸ்.புரம் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். தறிக்கு லீவு சொல்லிவிட்டு சோமனூரிலிருந்து போனேன்.

ஒரு கட்டுரை பிள்ளை எழுதியதா, கம்ப்யூட்டர் எழுதியதா என்று கண்டுபிடிக்க ஒரு மிசினாம். அதைப் பழக்க, பிள்ளைகளே எழுதிய கட்டுரைகள் வேண்டுமாம். பெற்றோர் சம்மதிக்க வேண்டுமாம்.

"எப்பங்க குடுப்பீங்க?"

"போன மாசமே குடுத்துப் பழக்கியாச்சுங்க அம்மணி," என்றார் வாத்தியார். "பழைய தேதி போட்டுருங்க."

கல்யாணத்தை முடித்துவிட்டுப் பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது.

கட்டுரையை வாங்கிப் பார்த்தேன். மகள் எழுதியிருந்தது, அவள் அப்பா குடித்துவிட்டு என்னை அடிப்பதை.

"பேரை எடுத்துட்டோமுங்க."

"சோமனூர்ல தறியில மூணு விரலை உட்டவருன்னு எழுதியிருக்கா. பேரு எதுக்குங்க?"

"ஃபைல்ல அழிச்சரலாமுங்க. மிசின் படிச்சதை எடுக்க முடியாது. அடுத்த தடவை பழக்கும்போது சேர்க்க மாட்டாங்க."

ஒருமுறை படித்தால் போதுமாம், மிசினுக்கு மறக்காதாம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வரம் இல்லை.

"எழுதினவளைக் கேட்டீங்களா?" என்றேன். யாருக்கும் தோன்றாத யோசனை போலும். வகுப்பிலிருந்து வரவழைத்தார். விவரம் கேட்டதும் மகள் தலை குனிந்தாள்.

"வேண்டாமுங்க சார்."

படிவத்தில் சம்மதமில்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அன்றைய தேதியைப் போட்டேன். ஃபைலில் அழித்துவிட்டதாக எழுதித் தரச் சொல்லி, தரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.