வியாழக்கிழமை பார்த்த இடம்

பணி ஓய்வு பெற்ற பிறகும் ஓராண்டு ஒப்பந்தத்தில் என்னைக் கல்லூரியில் வைத்துக்கொண்டார்கள். கணினிப் பிரிவின் நடைமுறைக் கையேட்டை எழுதியவன் நான். அதை முழுதாகப் படித்தவனும் நான் ஒருவன்தான். என்னை அனுப்பினால் கையேட்டையும் சேர்த்து அனுப்ப நேரிடும் என்று நிர்வாகத்துக்குப் பயம்.

கல்லூரி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே ஆய்வுக்கூடங்களின் கோப்புகளை வாரம் ஒருமுறை மையச் சேமிப்பகத்துக்கு நகலெடுப்போம். நகலெடுக்கும் நிரலுக்கு மூளை கிடையாது. போகிற இடத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்காமல் எழுதிக்கொண்டே போகும், தீர்ந்ததும் திணறும். அதனால் அதற்கு முன்னால் ஒரு சோதனையை வைத்திருந்தேன். நகலெடுக்க வேண்டியது எவ்வளவு, சேமிப்பகத்தில் காலி இடம் எவ்வளவு, அதில் அந்தத் துறைக்கென்று ஒதுக்கிய பங்கில், அதாவது கோட்டாவில், மிச்சம் எவ்வளவு என்று மூன்றையும் பார்க்கும். போதுமென்றால் ஒரு சின்னக் கோப்பில் ‘போதும்’ என்று எழுதிவைக்கும். நகல் நிரல் அந்தச் சொல்லைப் படித்த பிறகே புறப்படும். பாதி எழுதிய கோப்பு இல்லாத கோப்பைவிடக் கேடானது. இல்லாதது இல்லை என்று உடனே தெரிந்துவிடும். பாதிக் கோப்பு முழுப் பெயரோடு நின்று ஏமாற்றும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

சோதனை வியாழன் மாலை ஆறு மணிக்கு, நகல் ஏழு மணிக்கு. அப்போது ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் மாலை கல்லூரி காலியாகிவிடும். பிறகு மாநிலத்தின் விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியது. வெள்ளிக்கிழமை வேலைநாளானது. நகல் முடியாமல் வெள்ளி காலை வரை ஓடி, எல்லாருடைய கணினியும் நத்தையானது. புகார்கள் வந்தன. நேர அட்டவணையைத் திறந்து, நகலை வெள்ளி மாலை ஏழுக்கு மாற்றினேன். சோதனை அதே அட்டவணையில் தனி வரியாக இருந்தது. அது யாருக்கும் தொல்லை தரவில்லை; அதைப் பற்றிப் புகார் எதுவும் வரவில்லை. அதனால் நானும் அதைத் தொடவில்லை.

இப்படி, வியாழன் பார்த்த இடத்தை நம்பி வெள்ளியன்று நகலெடுக்கத் தொடங்கினோம். நடுவில் ஒரு முழு வேலைநாள். பல மாதம் ஒன்றும் ஆகவில்லை. வாராந்திர நகல் சிறியது, கோட்டாவில் இடம் நிறைய. ஒன்றும் ஆகாத மாதங்களைப் போல ஆபத்தானவை வேறில்லை.

கடலியல் கூடத்தில் ஒரு பெண் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். சாஆ என்ற ஊர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். மெர்சிங் படகுத்துறையிலிருந்து தீவுகளுக்குப் போய், கடற்புல் திட்டுகளில் கேமராக்களை இறக்கி, குஞ்சு மீன்கள் எப்போது வருகின்றன, எவ்வளவு நேரம் தங்குகின்றன என்று காணொளியாகப் படமெடுப்பார். பருவமழையில் கடல் மூடிவிடும். திறந்திருக்கும் மாதங்கள்தான் ஒரு பருவம். அவருக்கு இரண்டு பருவங்கள் வேண்டும். இரண்டையும் எடுத்து முடித்திருந்தார். மெமரி கார்டுகள் கொஞ்சம்தான், விலையும் அதிகம். அதனால் ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் படங்களைக் கூடத்தின் சர்வரில் ஏற்றிவிட்டுக் கார்டை அழித்து மறுபடி பயன்படுத்தினார். இரண்டு பருவமும் அந்த ஒரே சர்வரில் இருந்தன. படங்கள் பெரியவை என்பதால் வாராந்திர நகலில் அவற்றைச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டாமென்று சொன்னவனும் நான்தான்.

அந்த சர்வர் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை முடிந்து ஒரு திங்கட்கிழமை திரும்பிப் போக வேண்டும். போவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நகலில் அவருடைய படங்கள் முழுவதையும் சேர்த்தேன். நான்கு டெராபைட். வியாழன் மாலை சோதனை ஓடியது. சேமிப்பகத்தில் எண்பது டெராபைட் காலி, துறைக் கோட்டாவில் ஆறு மிச்சம். ‘போதும்’ என்று எழுதியது. அன்றைக்கு அது சொன்னது உண்மை.

வெள்ளி மதியம் அதே துறையின் இன்னொரு கூடம், எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்களின் மேல் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படங்களைச் சேமிப்பகத்தில் கொட்டியது. நான்கு டெராபைட். அவர்கள் மேல் குற்றமில்லை; கோட்டாவில் இடமிருந்தது, வைத்தார்கள். மிச்சம் இரண்டு. மாலை ஏழு மணிக்கு நகல் நிரல் ‘போதும்’ என்ற சொல்லைப் படித்தது. எந்த நாள் சொன்னது என்று கேட்கும்படி நான் எழுதியிருக்கவில்லை.

பாதி வழியில் கோட்டா நிறைந்தது. நிரல் அங்கே நின்றிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். அது அடுத்த கோப்புக்குப் போனது, அதற்கு அடுத்ததற்கும். கோட்டா நிறைந்தாலும் பெயர் மட்டும் உண்டாக்க முடியும். உள்ளே ஒரு பைட்கூட எழுத முடியாது. இப்படி இரண்டாம் பருவத்தின் ஏறக்குறைய அத்தனை கோப்புகளும் பூஜ்ய அளவில், சரியான பெயரோடு, சரியான வரிசையில் உருவாயின. கடைசியில் நிரல் ‘முடிந்தது’ என்று ஒரு வரி எழுதியது. அந்தக் கடைசி வரி வெற்றிகரமாக எழுதப்பட்டதால் அட்டவணை எல்லாவற்றையும் வெற்றியாக எடுத்துக்கொண்டது. பிழைகள் எல்லாம் பதிவேட்டில் இருந்தன, நூற்றுக்கணக்கான வரிகள். ‘முடிந்தது’ என்று வந்தால் பதிவேட்டை யார் திறக்கிறார்கள்?

திங்கள் காலை என் சக அலுவலர் சரிபார்ப்புப் படிவத்தோடு வந்தார். ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட இருபது வயது இளையவர், என்னைவிட இருபது மடங்கு அவசரக்காரர்.

“சார், பைல் எண்ணிக்கை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். டிக் போட்டுறவா?”

“படிவத்துல என்ன கேட்டிருக்கு?”

“எண்ணிக்கைதான் கேட்டிருக்கு. நீங்க எழுதுன படிவம்லா, என்னைக் கேக்குறீங்க?”

“அப்ப போடு.”

சர்வரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் எங்கள் அறைக் கதவருகே நின்றார். குரலில் பதற்றமில்லை. பதறுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாதவரைப் போல நின்றார்.

“சார், ரெண்டாம் பருவத்துப் படம் ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. என் கம்ப்யூட்டர்தான் கோளாறா?”

அந்தக் கோப்புறையைத் திறந்தேன். பெயர்கள் இருந்தன. பக்கத்தில் அளவு காட்டும் இடத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். சக அலுவலர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“அலமாக்! சார், எண்பது டெரா சும்மா கிடக்கே!”

“கோட்டாவப் பாரு.”

பார்த்தார். “கடல் பூரா தண்ணி, நம்மகிட்ட ஒரே ஒரு வாளியா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை.

குத்தகை நிறுவனத்துக்குத் தொலைபேசினோம். அவர்கள் மிகவும் ஒழுங்கானவர்கள். திங்கள் மாலையே வட்டுகளை அழித்துவிட்டார்கள். திரும்பப் பெற்ற இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அழித்துச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த விதியைப் போராடிச் சேர்த்தவன் நான். சான்றிதழ் என் மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. முத்திரையெல்லாம் அழகாக இருந்தது.

கோட்டா தீர்ந்த அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கோப்பு பாதியில் நின்றிருந்தது. இந்தக் கேமராக்கள் படத்தைத் திறப்பதற்கான குறிப்பைக் கோப்பின் கடைசியில்தான் எழுதும். அது இல்லாததால் ஓடவில்லை. அதே கேமராவின் நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டி ஒரு மீட்பு நிரலைக் கொண்டு முயன்றேன். பதினொரு நிமிடம் மீண்டது. புல் அசைந்தது. மீன் ஒன்றும் வரவில்லை. பதினொரு நிமிடமும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

“இன்னொரு பருவம் எடுக்க முடியாதாம்மா?” என்று கேட்டேன்.

“மார்ச்சுக்கு அப்புறம்தான் சார் கடல் திறக்கும். எனக்கு ஜூன்ல கெடு முடியுது. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிட்டாங்க.” பிறகு, “எனக்கு ஒரு கடிதம் தருவீங்களா? நான் தொலைக்கலன்னு?” என்றார்.

அன்றே எழுதினேன். ‘தொழில்நுட்பக் காரணங்களால் தவறுதலாகத் தரவு இழக்கப்பட்டது’ என்று, நாற்பது ஆண்டு மலாயில் அலுவலகக் கடிதங்கள் எழுதிப் பழகிய கையால். அவர் படித்துவிட்டு என் மேசைமேல் திருப்பி வைத்தார்.

“இதுல ஒண்ணுமே இல்ல சார். என்ன நடந்துச்சோ அத போடுங்க. ஒரு நாள் முன்னாடி பாத்துட்டு, மறுநாள் பாக்காம காப்பி பண்ணோம்னு போடுங்க.”

போட்டேன். கோட்டா எவ்வளவு, எப்போது பார்த்தோம், எப்போது நகலெடுத்தோம், படிவம் எண்ணிக்கையை மட்டும் கேட்டது என்று எல்லாவற்றையும். பிரிவுத் தலைவர் ஒரு மணி நேரத்தில் திருப்பி அனுப்பினார். கல்லூரி தன் தவறை ஒப்புக்கொள்ளும் கடிதத்தைக் கல்லூரியின் தலைப்புத் தாளில் அனுப்ப முடியாதாம். என் முதல் கடிதத்தை அவர் பாராட்டினார்.

இரண்டாவதை வெள்ளைத் தாளில் அச்சிட்டு, என் பெயரில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். சக அலுவலர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “சார், டிக் போட்டது நான். என் பேரும் இருக்கட்டும்” என்று என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் இட்டார். அவருக்கு இன்னும் இருபது ஆண்டு வேலை இருந்தது. எனக்கு நான்கு மாதம்.

அந்த நான்கு மாதத்தில் நிரலைச் சரிசெய்தேன். இப்போது சோதனையும் நகலும் ஒரே நிரல். நகல் புறப்படும் நிமிடத்தில் இடமும் கோட்டாவும் பார்க்கப்படும். நகலெடுத்த பிறகும் பத்தில் ஒரு பங்கு மிச்சம் இராது என்றால் புறப்படாது. கோப்புகள் தற்காலிகப் பெயரில் எழுதப்பட்டு, அளவும் உள்ளடக்கமும் ஒத்துப்போன பிறகே சொந்தப் பெயர் பெறும். ஒரு பிழை வந்தாலும் நின்றுவிடும். நல்ல நிரல். எழுத அரை நாள் ஆனது.

அந்தப் பெண்ணின் கெடுவைப் பற்றி முடிவெடுக்க ஆய்வுக் குழு கூடிய அன்று அவர் மதியம் மூன்று மணிவாக்கில் எங்கள் அறைக்கு வந்தார். தலைப்புத் தாள் இல்லாத கடிதம் ஆவணமாகாது என்று குழு சொல்லிவிட்டதாம். கெடுவை நீட்டவில்லை. இருக்கிற ஒரு பருவத்தை வைத்து முதுகலைப் பட்டமாக இறக்கிக்கொள்ளலாம் என்றார்களாம்.

“என்ன சொன்னீங்க?”

“சரின்னுட்டேன். வேற என்ன சொல்ல? வந்ததுக்கு ஒண்ணாச்சும் கையில இருக்கட்டும்.”

கடிதத்தைத் திருப்பித் தந்துவிடுவார் என்று நினைத்தேன். தரவில்லை. ஒரு வெளிவட்டை நீட்டி, முதல் பருவப் படங்களை இப்போதே, தன் கண்முன்னால் நகலெடுத்துத் தரச் சொன்னார். வட்டில் எவ்வளவு காலி என்று நான் பார்க்கத் தொடங்கும்போது, “நான் பாத்துட்டேன் சார்” என்றார். இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் மறுபடி பார்ப்பதைப் பார்த்தார். கடைசிக் கோப்பு வரை இரண்டு பக்கத்து அளவுகளையும் விரலால் ஒப்பிட்டார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது.