மூடி திறந்ததைக் காணும்வரை

நான் கட்டம் போடுகிறேன் என்றுதான் எங்கள் வீட்டில் அப்போது நம்பினார்கள். அது பொய்யும் அல்ல. மடிக்கணினித் திரையில் மேலிருந்து கீழாகப் பெட்டிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், கோடுகளின் குறுக்கே சிறு கீற்றுகள். உம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பாண்டி விளாட கட்டம் போட்டது மாதிரியில்ல இருக்கு" என்றார். தம்மாமில் இருந்த என் கணவருக்குக் குடும்ப விசா கிடைக்கும்வரை பொழுதைப் போக்க ஒரு வேலை. அதன்பின் கட்டமும் வேண்டாம், கோடும் வேண்டாம் என்பது அவர்களுடைய இரண்டாவது நம்பிக்கை.

நான் வேலை பார்க்கும் ஆலை மண்டபம், உச்சிப்புளி ஊர்களுக்கு இடையில், கடற்காற்று தடையின்றி வரும் வெளியில் இருக்கிறது. கடற்பாசியைக் கூழாக்கி, காரக் கரைசலில் சூடாக்கி, பிறகு அமிலம் சேர்த்துச் சமன்செய்து, பயிருக்குத் தெளிக்கும் திரவமாக்குவார்கள். எல்லாம் ஒரே தொட்டியில், தொகுதி தொகுதியாக நடக்கும். முதலில் தண்ணீர். பிறகு மூடியைத் திறந்து பாசி. மூடியபின் கலக்கி சுழல வேண்டும். அது சுழன்ற பின்னரே காரம், சூடு, ஆறவைத்தல், அமிலம். தொட்டியை இயக்கும் கணினிக்கு நான் வரையும் படமே கட்டளை. அதில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு படி. குறுக்குக் கீற்று, அடுத்த படிக்குப் போவதற்கான நிபந்தனை. நிபந்தனை நிறைவேறாதவரை இயந்திரம் இருந்த படியிலேயே நிற்கும்.

எனக்கு முன்னால் ஓர் ஒப்பந்ததாரர் வரைந்த படம்தான் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பாசி போடும் படியிலிருந்து கலக்கிக்குப் போக அதில் இரண்டு நிபந்தனைகள்: மூடி மூடியிருக்க வேண்டும், பலகையில் உள்ள பொத்தானை ஒருவர் அழுத்த வேண்டும். மூடியைப் பார்த்துச் சொல்வது விளிம்பிலிருந்த ஓர் உணரி. எதிரில் உலோகம் வந்தால் 'மூடியாயிற்று' என்று அது சொல்லும். உப்புக்காற்று அதன் உடலை அரித்ததால் மூடி மூடியிருந்தாலும் பல நேரம் வாய் திறக்காது; வேலை நின்றுவிடும். அதற்கு ஆலையில் ஒரு வழி கண்டிருந்தார்கள். ஓர் இரும்பு வாஷரை உணரியின் முகத்தோடு ஒட்டவைத்து, வலைக்குப் பயன்படுத்தும் தங்கூசி நரம்பால் கட்டிவிட்டார்கள். கட்டியவர் தங்கச்சிமடத்துக்காரர். படகை விற்றுவிட்டு ஆலைக்கு வந்தவர். அவர் போட்ட முடிச்சு எந்த அதிர்வுக்கும் அவிழாது. அன்றுமுதல் மூடி எப்போதும் மூடியே இருந்தது, உணரியின் கணக்கில்.

ஒரு நாள் மதியம் அவர் திறந்த மூடிக்குள் மூங்கில் கழியை விட்டு, விளிம்பில் சிக்கிய பாசியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தொட்டிக்கு மறுபுறம் பலகையில் நின்றவர், வேலை முடிந்ததென்று எண்ணிப் பொத்தானை அழுத்தினார். கலக்கி சுழன்றது. கழி அவர் கையிலிருந்து பிடுங்கப்பட்டு, உள்ளே மூன்று துண்டாக முறிந்தது. கழி இல்லாமல் கையாலேயே தள்ளுகிற வழக்கமும் அவருக்கு உண்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு, "சுறா கடிச்சாக்கூட முன்னாடி ஒரு தடவ சுத்திப் பாக்கும். இது அதுவும் பாக்கல" என்றார்.

மோட்டாரின் மின்சாரத்தை நேரடியாக வெட்டும் பாதுகாப்புக் கம்பியும் அதே உணரியை நம்பித்தான் இருந்தது. ஒரு வாஷர் இரண்டையும் ஏமாற்றியிருந்தது.

மறுநாளிலிருந்து நான் படத்தைப் புதிதாக வரைந்தேன். மூடி நிபந்தனையைக் கீற்றில் மட்டும் வைத்தால் அந்தக் கீற்றைக் கடக்கும் கணத்தில்தான் அது பார்க்கப்படும். கடந்தபின் மூடியைத் திறந்தாலும் படி தன்பாட்டுக்கு ஓடும். ஆகவே கலக்கிக்கும், காரக் குழாயின் வால்வுக்கும், அமில வால்வுக்கும் பக்கத்திலேயே அந்த நிபந்தனையை வைத்தேன். எந்நேரமும் அது காவல் நிற்கும். ஒரு வால்வு முழுதாக மூடியதை உறுதிசெய்யாமல் மற்றது திறக்காது. நடுவில் மூடி திறந்தால் எல்லாம் ஒரு நிறுத்தப் படிக்குப் போகும். மறுபடி மூடினாலும் தானாகத் தொடராது. தொட்டியருகே நின்று ஒருவர் அனுமதி தர வேண்டும். உப்பைத் தாங்கும் புது உணரியையும் கேட்டு வாங்கினேன்.

வாஷருக்கென்று ஒரு பெட்டி தனியாகச் சேர்த்தேன். தண்ணீர் நிரம்பியதும் இயந்திரம் அந்தப் படியில் நின்று, மூடி திறந்ததை உணரி சொல்லக் காத்திருக்கும். அதைக் காணாமல் பாசி போடும் படிக்கே போகாது. கட்டிய வாஷர் 'மூடியாயிற்று' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அந்தத் தொகுதி அங்கேயே நிற்கும்.

நின்றது. முதல் ஓட்டத்தன்றே. புது உணரியிலும் யாரும் சொல்லாமலே தங்கூசி ஏறியிருந்தது. தண்ணீர் நிரம்பி, மூடி அகலத் திறந்து கிடக்க, திரையில் அந்தப் படி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாசி எடுத்துவந்த பெண்கள் கூடைகளோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பாசி நாறுதும்மா. அந்த ஒரு கண்டிஷன எடுத்துருங்க. பெறகு சாவகாசமாப் பாப்போம்."

"எடுக்க மாட்டேன் சார்."

"பழைய படத்துல இந்த வம்பெல்லாம் இல்லையே."

"பழைய படத்துலதான் கழி ஒடைஞ்சுச்சு."

"கழிதானே ஒடைஞ்சுச்சு?"

நான் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். "இந்தாங்க. இந்தப் பெட்டியத் தொட்டு அழிச்சா போதும், ஓடிரும். அழிச்சிட்டு நீங்க மேல ஏறிக் கழியப் பிடிங்க சார். நான் இங்கன நின்னு பொத்தான அழுத்துறேன்."

கூடைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண், "ஏறுங்க சார், கழிய நான் எடுத்துத் தாரேன்" என்றாள். மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

மேலாளர் திரையைத் தொடவில்லை. "உங்களுக்கு இங்க வேலை வேணுமா வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். வேண்டும் என்றும், இந்தப் பெட்டியோடுதான் வேண்டும் என்றும் சொன்னேன்.

தங்கச்சிமடத்துக்காரர் தலையைச் சொறிந்தபடி ஏணியில் ஏறினார். இடுப்புக் கத்தியால் தங்கூசியை அறுத்து, வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கைப்பழக்கம் மேடம். புதுசப் பாத்த ஒடனே கட்டிப்புட்டேன்." உணரி அப்போதுதான் உண்மையைச் சொன்னது. படி நகர்ந்தது. கூடைகள் ஏறின. மூடி விழுந்தபின் பொத்தானை அழுத்த, கலக்கி மெல்லச் சுழன்றது.

அன்று சாயங்காலமே செய்தி காக்காவுக்கு, என் அண்ணனுக்கு, போய்விட்டது. துபாயிலிருந்து பேசினார். "ஆம்பளையளோட என்னத்துக்கு மல்லுக்கு நிக்கிற? விசா வரப்போகுது. பேசாம விட்டுட்டு வா."

"விட்டுட்டு வந்தா நாளைக்கே அந்தப் பெட்டிய அழிச்சிருவாக காக்கா."

"அழிச்சா உனக்கென்ன?"

"தொட்டி மேல நிக்கிறவருக்குக் கை இருக்குல்ல."

காக்கா, "உம்மாட்டக் குடு" என்றார். உம்மா போனை வாங்கி, "அவ கட்டம் போடுறா, போடட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விசா வந்தது. நான் போகவில்லை. அதற்காக என் கணவர் என்னோடு பேசாத மாதங்கள் இருந்தன; பேசத் தொடங்கிய பிறகு, அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இருக்கிறது என்றேன். அடுத்த விடுப்பில் வந்தபோது ஆலைக்கே வந்து திரையில் அதைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் இப்போதும் தம்மாமில்தான்.

மேலாளர் வேறு ஆலைக்குப் போய்விட்டார். பாசிப் பெண்களில் சிலர் இப்போது வருவதில்லை. தங்கச்சிமடத்துக்காரர் இரண்டு கைகளாலும் மூடியைத் தூக்குகிறார். பலகையருகே நான் இருக்கிறேன்.