தஸ்லிமாவின் கடைசி ஐந்து நிமிடம்

தஸ்லிமா புதுவயல்காரி. அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். பத்தொன்பதில் கல்யாணம், முப்பதில் குவைத்துக்குப் போனாள். ஒரு பக்கம் செயலிழந்த கிழவியை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டாள். கிழவி இறந்ததும் ஊர் திரும்பி, காரைக்குடியில் நான் வேலை செய்த நோயாளி பராமரிப்புப் பயிற்சி மையத்தில் மதிய வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்தாள். காலை வகுப்பு என்னுடையது.

அவளை எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள் நான். அவளோ பாடம் முடியவேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுவாள். நான் மணி அடிக்கிறவரை பேசுவேன், சிரிக்க வைப்பேன். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளே, "மதியத்து டீச்சர் தாள் குடுத்து எழுதச் சொல்லுவாகளாம்" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

படிக்க வருகிற ஆள் குறைந்துபோனதால் அடுத்த திங்களிலிருந்து இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கப் போவதாக நிர்வாகி ஞானசம்பந்தம் சொன்னார். ஒரு டீச்சர் போதும். இருவரும் ஒரே பாடத்தை நடத்தவேண்டும், அவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். பாடம்: பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது.

காலையில் நான் நடத்தினேன். மாணவி சித்ராவை வலது பக்கம் விழுந்த நோயாளியாக உட்காரவைத்து, பிரேக் போட்டு, தூக்கி, திருப்பி, எல்லாம் காட்டினேன். மணி அடித்தது. "புரிஞ்சுச்சா?" என்றேன். "புரிஞ்சுச்சு டீச்சர்" என்று பதினாறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஞானசம்பந்தம் தலையாட்டினார். வகுப்பு எனக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

மதியம் பின்வரிசையில் நானும் போய் உட்கார்ந்தேன். தஸ்லிமா மெதுவாகத்தான் நடத்தினாள், சிரிப்பே இல்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே நிறுத்தினாள். பலகையில் மூன்று வரி எழுதினாள்: பிரேக் போடு, நாற்காலியை நல்ல பக்கம் வை, எழுப்புமுன் சொல்லு. எழுதியதை உடனே அழித்துவிட்டு, அரைத்தாள் கொடுத்தாள்.

"வலது கை காலு விழுந்தவரு. கட்டில்ல உக்காந்திருக்காரு. நாற்காலி அவருக்கு எந்தப் பக்கம், ஏன்? ஒரு வரி போதும். பேரு வேணாம்."

வாங்கி, அங்கேயே பிரித்துப் பார்த்தாள். ஐந்து பேர் வலது என்று எழுதியிருந்தார்கள். ஞானசம்பந்தம் முன்னாலேயே ஐந்து தப்பு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் தாளை மறைக்கவில்லை. "அஞ்சு பேரு மாத்தி எழுதியிருக்கீக. தப்பு என் மேல. நோயாளிய உங்களப் பாக்க உக்கார வச்சுட்டேன். அவரோட இடது உங்களுக்கு வலதாத் தெரிஞ்சிருக்கு. இடது வலதுன்னு மனப்பாடம் பண்ணாதீக. அவரால எந்தக் காலை ஊன முடியும்? அந்தப் பக்கம்" என்றாள். பிறகு, "நாளைக்கு மொதல்ல கட்டிலைத் திருப்பிப் போட்டு இதையே செய்வோம். அப்புறம் சோறு ஊட்டுறது. வீட்டுல யாராச்சும் தண்ணி குடிக்கையில தொண்டை எப்படி ஏறி எறங்குதுன்னு பாத்துட்டு வாங்க" என்றாள். மணி அடித்தது.

ஞானசம்பந்தம் என் பக்கம் திரும்பினார். "உங்க வகுப்புல எத்தனை பேருக்குத் தப்பு?"

"எல்லாருக்கும் புரிஞ்சுச்சு சார்."

மறுநாள் காலை அதே கேள்வியை அவரே என் வகுப்பில் கேட்டு எழுதி வாங்கினார். ஒன்பது தப்பு. நானும் சித்ராவை வகுப்பைப் பார்க்கத்தான் உட்காரவைத்திருந்தேன். என்ன, நான் தாள் கொடுத்துக் கேட்டுப் பார்க்கவில்லை.

வகுப்பு தஸ்லிமாவுக்குப் போனது.

"இதெல்லாம் எங்க படிச்ச?" என்று அவளிடம் கேட்டேன்.

"படிக்கலக்கா. குவைத்துல ராத்திரி பாத்துக்கிற ஆளு வரும்போது சொல்லிட்டுத்தானே வெளிய வரணும். என்ன செஞ்சேன், அவுக எப்படி இருக்காக, அடுத்து என்ன செய்யணும்னு. அதேதான்."

அதுதான் எனக்கு ஆறவில்லை. வார்டில் முப்பது வருடம், ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் நானும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். வகுப்பில் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை என் கடைசி வகுப்பு. படுக்கைப்புண் பாடம். ஐந்து நிமிடம் முன்பே நிறுத்தினேன். மூன்று வரி எழுதி அழித்தேன். அரைத்தாள் கொடுத்து, எந்தெந்த இடத்தைத் தினமும் தொட்டுப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் குதிகாலை விட்டிருந்தார்கள். திருத்தினேன். அடுத்த வகுப்பைச் சொல்லவேண்டும்.

"திங்கக்கெழம குளிப்பாட்டுறது. தஸ்லிமா டீச்சர் எடுப்பாக. நல்லா எடுப்பாக."

வாசலில் தஸ்லிமா நின்றிருந்தாள். "எத்தனை தப்புக்கா?"

"ரெண்டு."

"இதே பாடத்துல எனக்கு நேத்து மூணு."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த ஒரு தப்பு வித்தியாசத்தை நினைத்துக்கொண்டே போனேன்.