ஐம்பத்தாறு ரூபாய்க்கு மாற்றாத டாலர்

பதின்மூன்று வருடம் ஒரு மனிதன் கண்காணாத தேசத்தில் வியர்வை சிந்தினான் என்றால், அந்த வியர்வைக்கு விலை என்ன? மொரப்பூருக்குப் பக்கத்துக் கிராமத்துக் குருவைக் கேட்டால், "அது அன்னன்னிக்கி ரேட்டப் பொறுத்ததுங்க" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அந்தச் சிரிப்பை மட்டும் அவன் மனைவி சுகுணாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஓசூரில் லாரிப் பட்டறையில் கிரீஸ் மூழ்கிய கையோடு இருந்தவன் குரு. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு டீசல் மெக்கானிக்காகப் போனான். இரண்டு மாடி உயரச் சுரங்க லாரிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு, செம்மண் புழுதியைத் தின்றுகொண்டு வேலை பார்த்தான். அங்கே ஒரு சின்ன அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். முன்பணத்துக்குச் சுகுணாவின் முப்பது பவுனும் போயிற்று. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிச்சம். "போவட்டும், இது என்னா திரும்பி வராதா?" என்று அன்று அவள்தான் அவனைத் தேற்றினாள்.

முதுகெலும்பு தேய்ந்து, இனிமேல் லாரிக்கு அடியில் படுக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு ஊர் திரும்பினார்கள். வாடகைக்கு விட்டிருந்த அந்த வீட்டையும் போன வைகாசியில் விற்றார்கள். கடனை அடைத்து, தரகு கொடுத்து, அந்த அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரியை ஒதுக்கி வைத்த பிறகு கையில் நின்றது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆஸ்திரேலிய டாலர்.

அந்த டாலர் எதற்கு என்பது முன்பே முடிவாகியிருந்தது. குருவின் அப்பன் விட்டுப்போன மூன்று ஏக்கர் மேட்டுக்காடு. சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதை ஒட்டிச் சவுரியப்பனுடைய நிலம். அதில் கோடையிலும் வற்றாத கிணறு. அந்தக் கிணற்று நீரைப் பார்க்கும்போதெல்லாம் குரு வரப்பிலேயே நின்றுவிடுவான். சவுரியப்பன் தர்மபுரியில் வீடு வாங்குவதற்காக அதை விற்கிறார் என்று தெரிந்ததும் ஓடிப்போய்ப் பேசினான். கிணற்றோடு சேர்த்து அறுபத்து மூன்று லட்சம். முன்பணம் இரண்டு லட்சம் கொடுத்து ஒப்பந்தமும் எழுதியாகிவிட்டது. மீதி அறுபத்தொரு லட்சம். கெடு, ஆவணி ஐந்து.

ஆனி மாதக் கடைசியில் டாலர் வந்து சேர்ந்தது. தர்மபுரியில் வங்கிக் கிளை. அந்நியச் செலாவணி பார்க்கும் அதிகாரி பூவிழி, நிலம் வாங்கும் விவரத்தைக் கேட்டுக்கொண்டு கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"சந்தையில ஐம்பத்தாறு ரூபாய்க்கு மேல போவுது சார். நாங்க குடுக்கறது ஐம்பத்தஞ்சு எழுவது. மொத்தம் அறுபத்தொரு லட்சத்து இருபத்தேழாயிரம் வரும். மாத்திடட்டுங்களா?"

குருவின் மனதுக்குள் கணக்கு ஓடியது. நிலத்துக்குச் சரியாக இருக்கிறது. மேலே இருபத்தேழாயிரம். ஆனால் ஒரு வாரமாக டாலர் ஏறிக்கொண்டே அல்லவா இருக்கிறது? ஐம்பத்தேழு கிடைத்தால் இன்னும் ஒன்றரை லட்சம் வருமே! சுகுணாவின் கழுத்துக்கு ஒரு சங்கிலி வருமே!

"டாலராவே வெச்சிக்க முடியாதுங்களா மேடம்?"

"முடியும். வெளிநாட்டுல இருந்து திரும்பினவங்களுக்குன்னு ஆர்.எஃப்.சி. கணக்கு இருக்குதில்லைங்களா, அதுல டாலராவே கெடக்கும். எப்ப வேணா மாத்திக்கலாம். ஆனா எறங்கிச்சுன்னா நட்டம் உங்களுது. நெலத்துக்கு வெல ரூபாய்ல பேசியிருக்கீங்க, பணம் டாலர்ல கெடக்குது. அதான் சொல்றன்."

"ஆடி பொறக்கப் போவுதுங்க மேடம். வூட்ல ஆடியில எதுவும் வேணாம்பாங்க. பத்திரமே ஆவணியிலதான்."

பூவிழி லேசாகச் சிரித்தாள். "அதுக்கும் வழி இருக்குது சார். ஆவணியில எந்தத் தேதிக்கு ரூபா வேணும்னு சொல்லுங்க. இன்னிக்கே அந்தத் தேதிக்கு ரேட்டப் பேசிக் கட்டி வெச்சிடலாம். கிட்டத்தட்ட இதே ரேட்தான் வரும். நடுவுல எறங்குனாலும் உங்களுக்குக் கவல இல்ல."

"ஏறிச்சுன்னா?"

"ஏறுனாலும் கட்டுன ரேட்தான் சார்."

அந்த ஒரு பதில்தான் அவனை வீழ்த்தியது. ஏறினாலும் கிடைக்காது என்றால் எதற்குக் கட்ட வேண்டும்? "யோசிச்சு வரன் மேடம்" என்று எழுந்துவிட்டான். "பாதியாச்சும் மாத்திட்டுப் போங்க சார்" என்று அவள் பின்னாலேயே சொன்னாள். அது காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தான்.

வீட்டில் சுகுணா வாசலிலேயே நின்றாள். "மாத்திட்டீங்களா?"

"ஆடி வருதில்ல. வந்த காச ஆடி பொறக்கற நேரத்துல மாத்த வேணாம்னு விட்டுட்டன்."

"பத்திரந்தான் ஆடியில வேணாம்பாங்க. காசு மாத்தறதுக்கு என்னாங்க ஆடி?"

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

ஐயோ, அந்தச் "சும்மா இரு" எத்தனை குடும்பங்களின் தலையெழுத்தை எழுதியிருக்கிறது! சுகுணா சும்மா இருந்தாள்.

ஆடி பிறந்தது. முதல் வாரம் ஐம்பத்தைந்தரை. "இது சும்மா மூச்சு வாங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான் குரு. ஆடிப் பதினெட்டு நெருங்கும்போது ஐம்பத்து நான்கரை. கைப்பேசியை எடுப்பான், பார்ப்பான், கவிழ்த்து வைப்பான். மறுபடி எடுப்பான். சாப்பாட்டில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினான். உப்பு சரியாகத்தான் இருந்தது. இப்போது மாற்றினால் ஒன்றரை லட்சம் நட்டம். அந்த நட்டத்தை எப்படித் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது? கொஞ்சம் ஏறட்டும், ஏறியதும் மாற்றிவிடலாம். இப்படியே நாள் போயிற்று. சீனாவில் வியாபாரம் படுத்தால் ஆஸ்திரேலிய டாலர் இறங்குமாம், செய்தியில் சொன்னார்கள். சீனாவுக்கும் மொரப்பூர்க் கிணற்றுக்கும் என்ன பகை என்று அவனுக்கு அழுகையாக வந்தது.

ஆவணி முதல் தேதி. குரு வங்கியில் உட்கார்ந்திருந்தான். பூவிழி எதுவும் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"சந்தையில ஐம்பத்து மூணு இருவது சார். உங்களுக்காகச் சேலம் மண்டல ஆபீஸ்ல பேசி ஐம்பத்து ரெண்டு எண்பத்தஞ்சு வாங்கியிருக்கன். ஐம்பத்தெட்டு லட்சத்து பதிமூணாயிரத்து ஐந்நூறு."

"நாலு நாள்ல ஏறுமாங்க மேடம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க உக்காந்திருக்கன்?"

பத்திரத்துக்கு இன்னும் நாலே நாள். கையெழுத்துப் போட்டான்.

இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு குறைகிறது. சேமிப்பில் இருந்தது முத்திரைத்தாளுக்கும் பதிவுக்கும்தான் சரி. அடகு வைக்க நகையில்லை. மச்சான் போனை எடுக்கவில்லை. சவுரியப்பனிடம் போய் நின்றான்.

"அண்ணா, ஒரு மூணு மாசம் டைம் குடுங்கண்ணா. மூணு லட்சந்தான்."

சவுரியப்பன் கெட்டவர் அல்ல. அவருக்கும் தர்மபுரி வீட்டுக்கு அதே வாரம் பணம் கட்டியாக வேண்டும். "தம்பி, உன் டாலரு எறங்குனதுக்கு நான் என்னாபா பண்ணுவன்? எனக்கு வூடு விக்கறவன் உன் கத கேப்பானா? ஒண்ணு பண்ணு. மூணு லட்சம் கொறச்சிக்கறன். கெணத்துல பாதிய மட்டும் நிறுத்திக்கறன். அந்தப் பாதிக்கி மாதவராஜு மூணு லட்சம் இன்னிக்கே தரங்கறான்."

மாதவராஜ், குருவின் சித்தப்பா மகன். குரு பெர்த்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது மூண்ட வரப்புத் தகராறில் எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. மேட்டுக்காட்டுக்கு மறுபக்கத்துக் காடு அவனுடையது. அவன் வீட்டு ஆட்டுக்குட்டி இந்தப் பக்கம் வந்தால்கூட இரண்டு வீட்டிலும் சண்டை நடக்கும்.

"அண்ணா, வேற யாருக்காச்சும்..."

"வேற யாரு இன்னிக்கே காசு வெச்சிக்கிட்டு நிக்கறாங்க?"

அன்று சாயங்காலம் சுகுணாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"எல்லாம் இந்த ஆடி வந்து கெடுத்துச்சு" என்றான் குரு.

"ஆடியா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பேங்க்ல அந்தப் பொண்ணு ஆவணிக்கே ரேட்டக் கட்டித் தரன்னு சொல்லல? நேத்து நீங்க குளிக்கறப்ப போன் வந்துச்சு. அந்தப் பொண்ணுதான். 'அன்னிக்கே சொன்னங்க மேடம், சார் கேக்கல'ன்னு என்கிட்ட வருத்தப்பட்டுச்சு. ஆடி மேல ஏங்க பழி போடறீங்க?"

குரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "உனக்கு ஒரு சங்கிலி எடுக்கலாம்னுதான் சுகுணா..."

"நான் கேட்டனா? என்னிக்காச்சும் வாய் தொறந்து கேட்டனா?"

அவள் அழுதாள். சங்கிலி இல்லாததற்காக ஒருநாளும் அழாதவள், சங்கிலி என்ற சொல்லுக்காக அன்று அழுதாள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் பத்திரத்தைப் படித்தார். "மேற்படி நிலத்தில் உள்ள கிணற்றிலும் மின்மோட்டாரிலும் பாதி பாத்தியம்" என்ற இடத்தில் குரு தலையைக் குனிந்துகொண்டான். ஓரத்தில் நின்ற மாதவராஜ், எட்டு வருடம் கழித்து முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"தண்ணி மொற ஒரு நாள் விட்டு ஒரு நாளா, வாரம் பிரிச்சுக்கலாமா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்றான் குரு. அவ்வளவுதான் பேச்சு.

மார்கழியில் மேட்டுக்காட்டில் தக்காளி போட்டிருந்தார்கள். விற்க ஒரு டாலர்கூட இல்லாத குரு, பழக்கம் விடாமல் கைப்பேசியைப் பார்த்தான். ஐம்பத்தாறு அறுபது. ஆனியில் பூவிழி காட்டிய எண்ணைவிடக் கூடுதல். விற்று நாலே மாதம்! அவனுக்கு யார் மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. டாலர் மீதா, தன் மீதா? வரப்பில் கிடந்த மண்ணாங்கட்டியைக் காலால் எத்தினான். அது உடைந்து மாதவராஜ் பக்கம் சிதறியது.

தக்காளிச் செடிகள் வெயிலில் தலை தொங்கிக் கிடந்தன. கிணற்று மேட்டில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீர் குழாயில் குபுகுபுவென்று மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

சுகுணா களைக்கொத்தோடு வந்து நின்றாள். "செடி வாடுதுங்க. இன்னிக்கி யாரு மொற?"

"அவனுது."

"நாளைக்கி?"

"நாளைக்கி நம்புளுது. கரண்ட் இருந்தா."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக் குழாயை நோக்கி நடந்தாள். குருவும் இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான்.