சேறு வேண்டாம் என்ற பேராசிரியர்

சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு பேராசிரியர் வீட்டுக்குப் போர் போடப் போயிருந்தேன். பென்டோனைட் களிமண்ணைக் கரைக்கத் தொடங்கியதும் அவர் பதறினார். "குடிக்கிற தண்ணிக்குப் போடுற குழியில சேத்த ஊத்துவியா? நல்ல தண்ணியே ஊத்துப்பா."

படித்தவராயிற்றே என்று என் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் தண்ணீரைப் பம்பால் குழிக்குள் செலுத்தித் துளைத்தேன். சாப்பாட்டுக்குப் பம்பை நிறுத்தியதும், மேலே வந்துகொண்டிருந்த மணலெல்லாம் அடியில் படிந்தது. குழியின் சுவரும் சரிந்து, துளைக்கும் ராடு உள்ளே மாட்டிக்கொண்டது. அதை உருவவே பொழுது போயிற்று.

மறுநாள் பக்கத்தில் வேறு குழி, களிமண் கரைசலோடு. அது சுவரில் பூச்சாகப் படிந்து, உள்ளிருந்து அழுத்தி மணலைத் தாங்கியது. வெட்டிய மண்ணையும் மேலே சுமந்து வந்தது. சாப்பாட்டுக்குப் பம்பை நிறுத்தினோம். தொட்டியிலிருந்த கரைசல் தயிராக உறைந்தது.

"பாத்தியா, கெட்டுப்போச்சு!" என்றார்.

குச்சியால் கலக்கினேன், மோராக ஓடியது. "குழிக்குள்ளயும் இப்புடித்தான் சார். நிறுத்துனா உறைஞ்சி, மண்ண கீழ விடாம புடிச்சிக்கும். ஓட்டுனா எளகிடும்."

அவர் முகம் மலர்ந்தது. "அட, திக்சோட்ரோபி! இருபது வருஷமா இதத்தானேப்பா பாடம் நடத்துறேன்!"

"புத்தகத்துல இருக்கறப்ப அது சேறாத் தெரியல போலருக்கு சார்" என்றேன்.